பாட்டிக்கு நாலு நாட்டிலிருந்து ஒரே வாய்ஸ் மெசேஜ்: எழுதுவதிலிருந்து கேட்கவைப்பது வரை

போன வருஷம் பாட்டியின் பிறந்தநாளுக்குப் பேரன் பேத்திகள் நாலு பேரும் ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினோம். அண்ணன் அப்பு டொராண்டோவிலிருந்து, நான் ஜெர்மனியிலிருந்து, பெரிய அத்தை மகன் சின்னு சிங்கப்பூரிலிருந்து, சின்ன அத்தை மகள் குட்டி சிட்னியிலிருந்து. எல்லாம் வீட்டுப் பெயர்கள்தான். பாட்டிக்கும் எங்களை இப்படித்தான் தெரியும்.

முதலில் வந்தது சின்னுவின் பதிவு. அவனுக்கு அந்த வருஷம்தான் குரல் உடைந்திருந்தது. அப்படியே என் அப்பாவின் குரல். பாட்டி போனைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளே உக்காந்துக்கிட்டு ஏன்டா போன்ல பேசறே?" என்று அப்பாவைக் கூப்பிட்டாராம். அடுத்தது என்னுடையது. பின்னால் மெல்லிய இசை சேர்த்து அழகுபடுத்தியிருந்தேன். பாட்டிக்கு அந்த இசை மட்டும்தான் கேட்டது. அப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ போன் செய்ய, பதிவு பாதியில் நின்றது. குட்டியின் பதிவைப் பாட்டி கேட்கவே இல்லை.

இந்த வருஷம் எண்பது. நாலு பேரும் சேர்ந்து மூன்று நிமிஷத்துக்கு ஒரே பதிவாகச் செய்து அனுப்பினோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். இதில் பாதிக்கு மேல் எழுத்து வேலைதான். ஒலிப்பதிவு அதற்குப் பிறகு வருவது.

முதலில் பாட்டியின் காது

வயதாகும்போது காது எல்லா ஒலிக்கும் ஒரே அளவில் மந்தமாவதில்லை. உயர்ந்த, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ட, க போன்ற மெய்யொலிகளின் நுணுக்கம் உயர்ந்த பகுதியில் இருக்கிறது. அதனால்தான் வயதானவர்கள், "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல" என்கிறார்கள். பத்து, கத்து, சத்து மூன்றும் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்தச் சொல் என்பதை வாக்கியத்தின் போக்கை வைத்து ஊகித்துக்கொள்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டதும் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிட்டன. சத்தமாகக் கத்துவதால் பயனில்லை. கத்தினால் உயிரொலி பெருகும், மெய்யொலி அதே இடத்தில்தான் நிற்கும். மெதுவாகப் பேசி, சொற்றொடருக்கு நடுவே இடைவெளி விட்டால் ஊகிக்க நேரம் கிடைக்கும். பின்னணி இசை அறவே கூடாது. எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் மீதமிருக்கும் கொஞ்சம் மெய்யொலியையும் அது மூடிவிடும். நமக்குக் காதில் மாட்டிக் கேட்கும்போது இது தெரியவே தெரியாது, அதுதான் சிக்கல். குழந்தையின் குரல் இருப்பதிலேயே உயர்ந்தது, ஆகவே இருப்பதிலேயே கடினம். குட்டிக்கு மிகச் சின்ன வாக்கியங்களாக எழுத வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டோம்.

எவ்வளவு நேரம், யாருக்கு எவ்வளவு

மூன்று நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். பாட்டி ஒரே மூச்சில் கேட்டு முடிக்கும் நீளம் அது. திரும்பக் கேட்க வேண்டுமென்றாலும் முதலிலிருந்து போட்டுவிடலாம்.

நேரத்தைச் சொல்லாக மாற்ற எளிய வழி: நீங்கள் எழுதிய ஒரு பத்தியைப் பாட்டியோடு நேரில் பேசும் வேகத்தில் வாய்விட்டுப் படியுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு நிமிஷத்துக்கு 85 சொல் வந்தது. அண்ணனுக்கு 110, அவனை மெதுவாகப் பேசவைப்பதே ஒரு தனி வேலை. 85 என்று வைத்தால் மூன்று நிமிஷத்துக்கு 255 சொல். அதில் இடைவெளிகளுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் கழித்தால் மிஞ்சுவது 200. ஆளுக்கு ஐம்பது சொல்தான். கேட்டதும் எல்லாரும், "இவ்வளவுதானா?" என்றார்கள். எழுதிப் பார்த்தபோது, உண்மையில் சொல்ல வேண்டியது அதற்குள்ளேயே அடங்கியது.

ஆளுக்கொரு விஷயம், ஒன்றே ஒன்று

எழுதத் தொடங்கும் முன் நாலு பேரும் ஒரு வேலை செய்தோம். பாட்டியோடு தொடர்புடைய ஒரு பொருளை, அல்லது தனக்கும் பாட்டிக்கும் மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தை ஆளுக்கொன்றாகக் குழுவில் எழுதிப் போட்டோம். வாழ்த்து, அன்பு, நன்றி எதுவும் அப்போது பேச்சில்லை. அப்பு சாவி கொடுக்கும் கடிகாரம் என்றான். நான் பட்டன் டப்பா என்றேன். சின்னு, கரண்ட் போன ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அம்மாச்சி சுவரில் விரலால் காட்டிய முயல் என்றான். குட்டி பாட்டியை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பழைய கதை இல்லை. அவளிடம் புதுச் செய்தி ஒன்று இருந்தது, முன்பல் விழுந்திருந்தது. அது போதும்.

இப்படி முதலிலேயே பிரித்துக்கொள்ளாவிட்டால் நாலு பேரும் ஒரே மெசேஜை நாலு தடவை பேசுவோம். போன வருஷம் அதுதான் நடந்தது. நாலு வாழ்த்து, நாலு "மிஸ் பண்றோம்", நாலு "உடம்பைப் பார்த்துக்கோங்க". இந்த முறை வாழ்த்தைக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து சொல்வதோடு சரி என்று முடிவு செய்தோம். "மிஸ் பண்றோம்" யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டால் பாட்டி அழுவார், அப்புறம் மீதியைக் கேட்கவே மாட்டார்.

இன்னொன்றும் விலக்கினோம். "அடுத்த லீவுக்கு வரேன்" என்று பேச்சுவாக்கில்கூடச் சொல்லக் கூடாது. போனில் சொன்னால் மறந்து போகும். பதிவில் சொன்னால் பாட்டி தினமும் கேட்பார், நாளை எண்ணிக்கொண்டிருப்பார். டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் சொல்லலாம். அதேபோல "இன்னிக்கு", "இப்ப ராத்திரி இங்கே" என்ற சொற்களும் வேண்டாம். உங்கள் ராத்திரி அவருக்குக் காலை. மேலும் இந்தப் பதிவை அவர் ஆறு மாசம் கழித்தும் போட்டுக் கேட்பார்.

வாயில் வருகிற மாதிரி எழுதுவது

நான் முதலில் எழுதியது இது:

"அன்புள்ள பாட்டிக்கு என் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். தாங்கள் எங்களுக்காகச் செய்த தியாகங்களை நாங்கள் என்றென்றும் மறக்க மாட்டோம். தங்களின் அன்பும் ஆசியும் எப்போதும் எங்களுக்கு வேண்டும்."

வாய்விட்டுப் படித்தபோது செய்தி வாசிப்பதுபோல இருந்தது. நான் பாட்டியை வாழ்நாளில் ஒருமுறைகூட "தாங்கள்" என்றதில்லை. பேனா கையில் வந்ததும் நமக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு தந்திரம் செய்தேன்: எழுதுவதை விட்டுவிட்டு, பட்டன் டப்பா கதையை அம்மாவிடம் போனில் சொல்லி அதைப் பதிவு செய்தேன். பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, சொன்னபடியே எழுத்தில் இறக்கி, ஐம்பது சொல்லுக்குள் வெட்டினேன்:

"பாட்டி, / நான் பாப்பு பேசறேன். // உங்க பட்டன் டப்பா / ஞாபகம் இருக்கா? ///
நான் எண்ணக் கத்துக்கிட்டது / அதுலதான். // எழுபத்தேழு வந்தா / தடுமாறுவேன். // நீங்க எழுபத்தெட்டுன்னு / எடுத்துக் குடுப்பீங்க. // இப்ப ஆபீஸ்ல / கணக்கு பாக்கறது நான்தான். // எழுபத்தேழு வந்தா / இன்னும் சிரிப்பு வரும். //
பாட்டி, / டப்பால ஒரு பச்சை பட்டன் / குறையும். // அது எங்கிட்ட இருக்கு. // அடுத்து சின்னு வரான்."

ஒரு சாய்கோடு மூச்சு விடும் இடம். இரண்டு என்றால் முழுதாக ஒரு விநாடி நிறுத்தம். மூன்று என்றால் பாட்டி பதில் சொல்லும் இடம்.

ஆம், பாட்டி பதில் சொல்வார். போன வருஷம் அம்மா சொல்லித்தான் இது தெரிந்தது. வாய்ஸ் மெசேஜ் ஓடும்போது பாட்டி அதோடு பேசிக்கொண்டே இருக்கிறார். "நல்லா இருக்கீங்களா?" என்று பதிவு கேட்டால், "இருக்கேன் கண்ணு, நீ எப்படி..." என்று தொடங்குவார், அதற்குள் பதிவு மூன்று வாக்கியம் ஓடிப்போயிருக்கும், அது அத்தனையும் வீண். ஆகவே கேள்வி கேட்டால் இடம் விட வேண்டும். நாங்கள் 4 விநாடி விட்டோம். 6 வைத்துப் பார்த்தபோது பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கேட்பவரின் கை போனை நோக்கிப் போகிறது. ஒருவருக்கு ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் அடுத்த வரி பொருந்த வேண்டும். "ஞாபகம் இருக்கா?" என்பதற்கு அவர் "இல்லையே" என்றாலும், "நான் எண்ணக் கத்துக்கிட்டது அதுலதான்" என்ற வரி சரியாகவே உட்காரும். "ஆமால்ல!" என்று தொடர்ந்திருந்தால் உட்காராது.

பெயரைத் தொடக்கத்தில் சொல்வது கட்டாயம். பெயரோடு உறவையும் சொல்வது நல்லது, குறிப்பாகக் குரல் மாறியவர்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் வழியாகத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். சின்னுவின் முதல் வரி இப்படி ஆனது: "அம்மாச்சி, / நான் சின்னு. // உங்க பெரிய பொண்ணு மகன் சின்னு. // மாமா இல்ல!"

கவனித்தீர்களா, நாங்கள் "பாட்டி" என்கிறோம், அத்தை பிள்ளைகள் "அம்மாச்சி" என்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கூப்பிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததுமே மகன் வீட்டுப் பிள்ளையா, மகள் வீட்டுப் பிள்ளையா என்று பாட்டிக்குத் தெரிந்துவிடும். "நீங்க"வா "நீ"யா என்பதும் அப்படித்தான். குட்டி அம்மாச்சியை "நீ" என்றுதான் சொல்வாள், அதை யாரும் திருத்த வேண்டாம்.

ஒவ்வொருவரும் முடிக்கும்போது அடுத்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவது அப்புவின் யோசனை. குரல் மாறும் இடத்தில் பாட்டி திகைக்காமல் இருக்க இது ரொம்ப உதவியது. தொடங்கிவைத்தவனும் அவனே, நாலு குரல்களில் அவனுடையதுதான் தாழ்ந்தது என்பதால்:

"பாட்டி, / நான் அப்பு பேசறேன். // உங்க பெரிய பேரன் அப்பு. // இது உங்க / எண்பதாவது பொறந்த நாளுக்கு. // நாங்க நாலு பேரும் / ஒருத்தர் ஒருத்தரா வருவோம். // நீங்க நல்லா சாஞ்சு உக்காந்துக்கோங்க. //
அந்தச் சாவி குடுக்கிற கடிகாரம் / இன்னும் ஓடுதா பாட்டி? ///
நான் ஒரு தடவ / சாவிய ரொம்ப முறுக்கிட்டேன். // கடிகாரம் நின்னு போச்சு. // நீங்க யார்கிட்டயும் சொல்லல. // அப்பாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. // இப்ப தெரிஞ்சுடும். // அடுத்து பாப்பு."

தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை

குட்டிக்கு ஆறு வயது. தமிழ் புரியும், கொஞ்சம் பேசுவாள், படிக்கத் தெரியாது. அத்தை முதலில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். "பல்லு" என்பதைப் "பாலு" என்று படித்தாள். பெரிய பிள்ளைகளுக்கும் இதே கதிதான், அவர்கள் இன்னும் வேகமாகத் தவறாகப் படிப்பார்கள்.

சொல்லித் தந்து திரும்பச் சொல்லவைப்பதே வழி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அத்தை சொன்னால் அத்தையின் குரலும் பதிவாகும், குழந்தை முடிப்பதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவார், வெட்ட இடம் இருக்காது. இரண்டு போன் வைத்துச் செய்தோம். ஒரு போனில் அத்தை ஒவ்வொரு வரியையும் சொல்லி, நடுவில் 5 விநாடி இடைவெளி விட்டு, முதலிலேயே பதிவு செய்துகொண்டார். அதைக் குட்டி இயர்போனில் ஒரு காதில் கேட்கிறாள். கேட்டதை வாயால் சொல்கிறாள். இன்னொரு போன் அவள் குரலை மட்டும் பதிவு செய்கிறது. ஒரு வரிக்கு நாலு சொல்லுக்கு மேல் கூடாது. ஐந்தாவது சொல்லில் முதல் சொல் மறந்துவிடும்.

"அம்மாச்சி! // நான் குட்டி. // எனக்குப் பல்லு விழுந்துடுச்சு. // முன்னாடி பல்லு. // உனக்கு எத்தனை விழுந்துச்சு? ///
என் பல்லு / டப்பால இருக்கு. // உனக்குக் காட்டறேன்."

நாலு தடவை செய்தோம், மூன்றாவதை எடுத்தோம். பல் இல்லாததால் வந்த சின்னச் சீழ்க்கை ஒலி அதில்தான் நன்றாக இருந்தது. நடுவில் ஒருமுறை சிரித்துவிட்டாள். அதை வெட்டவில்லை.

பதிவு செய்யும்போது

இந்தப் பகுதி நீளமாக வேண்டியதில்லை, ஆனால் நாலு பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அரட்டைச் செயலியில் மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசாதீர்கள். போனிலேயே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். ஐபோனில் அது `Voice Memos`. அரட்டைச் செயலி ஒலியை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்பும், அதில் முதலில் தேய்வது அதே மெய்யொலிகள்தான்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் "பாட்டி", "பாப்பு" என்னும்போது ப-வின் காற்று மைக்கில் மோதி டப்பென்று வெடிக்கும். எங்கள் வரிகளில் ப நிறைய வருவதால் இதை நன்றாக அனுபவித்தோம். மைக் பெரும்பாலும் போனின் கீழ் விளிம்பில் இருக்கும், விரல் அங்கே படக் கூடாது.

சுவரும் தரையும் வெறுமையாக இருக்கும் அறையில் எதிரொலி வரும். திரை, மெத்தை, துணி நிறைந்த அறை நல்லது. அப்பு தன் குளியலறையில் அமைதியாக இருக்கிறது என்று அங்கே பதிவு செய்து அனுப்பினான். கிணற்றுக்குள்ளிருந்து பேசியது மாதிரி இருந்தது. எதிரொலியைப் பிறகு சுத்தமாக நீக்குவது கடினம், மறுபடி பேசுவதே நல்லது. துணி அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசச் சொன்னோம், சரியாகிவிட்டது. விசிறி, ஏசியை நிறுத்துங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடியும், முடித்த பிறகு ஐந்து விநாடியும் சும்மா இருங்கள். இது ஏன் என்று அடுத்து சொல்கிறேன். கோப்பை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் `Document` என்ற வழியாக இணையுங்கள், அப்போதுதான் பதிவு செய்த தரம் அப்படியே வரும்.

ஒன்றாகச் சேர்ப்பது

கணினி வைத்திருப்பவர் ஒருவர் மட்டும் செய்தால் போதும். நான் Audacity என்ற இலவச மென்பொருளில் செய்தேன். விண்டோஸ் கணினியில் அது `m4a` கோப்பைத் திறக்க FFmpeg நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. அப்புவின் குரல் முழங்கும், குட்டியின் குரல் முனகும். அப்படியே சேர்த்தால் குட்டிக்காகப் பாட்டி சத்தத்தைக் கூட்டுவார், திரும்பப் போடும்போது அப்பு காதைக் கிழிப்பான். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, `Effect` பட்டியலில் `Volume and Compression` என்பதன் கீழுள்ள `Loudness Normalization` கொடுத்து, எல்லாருக்கும் ஒரே எண்ணை வையுங்கள். நான் -16 வைத்தேன். திரையில் தெரியும் ஒலி அலைக்கோட்டின் உயரத்தைப் பார்த்துக் கண்ணால் சமப்படுத்தினால் சரியாக வராது. உயரம் ஒன்றாக இருந்தாலும் காதுக்குக் கேட்கும் அளவு வேறாக இருக்கும்.

அடுத்தது இடைவெளிகள். பாட்டி பதில் சொல்லும் 4 விநாடியில் வெற்று அமைதியை வைத்தேன். அம்மாவுக்கு அனுப்பிப் பார்த்ததில், "நடுவுல கட் ஆகுதே" என்றார். குரலோடு சேர்ந்து அறையின் மெல்லிய ஓசையும் கேட்டுக்கொண்டிருந்து, திடீரென்று அதுவும் நின்றால், லைன் போய்விட்டது போலத் தோன்றுகிறது. அதற்குத்தான் அந்த ஐந்து விநாடிச் சும்மா இருப்பு. பேசியவருடைய பதிவிலேயே இருக்கும் அந்தப் பேச்சில்லாத பகுதியை வெட்டி இடைவெளியில் வைத்தால், ஆள் எதிரில் உட்கார்ந்து நம் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கிறது. இந்த ஒரு திருத்தம் மட்டும் பதிவையே மாற்றியது.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து வாழ்த்துவதற்கு முதலில் வீடியோ காலில் கூடினோம். ஜூன் மாசத்தில் டொராண்டோவில் காலை 8 மணி, எனக்கு மதியம் 2, சிங்கப்பூரில் இரவு 8, சிட்னியில் இரவு 10. நேரம் எப்படியோ ஒத்துவந்தது, குரல்தான் ஒத்துவரவில்லை. ஒருவர் குரல் இன்னொருவரை எட்டக் கொஞ்சம் தாமதமாகும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அந்தச் செயலி ஓரிருவர் குரலை அமுக்கிவிடும். குட்டி வேறு தூங்கி வழிந்தாள். விட்டுவிட்டோம்.

பதிலாக நான் மூன்று முறை கைதட்டி, நாலாவது தட்டில் "பொறந்த நாள் வாழ்த்துகள்" என்று சொல்லி, அதைப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஒவ்வொருவரும் அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே கூடவே சொல்லிப் பதிவு செய்தார்கள். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தொடக்கத்தை மட்டும் கையால் நகர்த்திப் பொருத்தினேன். "பாட்டி"யும் "அம்மாச்சி"யும் மோதிக்கொள்ளும் என்பதால் அந்த வரியில் கூப்பிடும் சொல்லே இல்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை

இயர்போனில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கோப்பை ஒரு போனில் போட்டு, அதன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி, விசிறி ஓடும் அறையில் கேளுங்கள். விஷயம் தெரியாத ஒரு பெரியவரைக் கேட்கவைத்தால் இன்னும் நல்லது. நான் பக்கத்து வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துத் தாத்தாவைக் கேட்கச் சொன்னேன். பிறகு இரண்டே கேள்வி: யார் யார் பேசினார்கள், ஒவ்வொருவரும் எதைப் பற்றிப் பேசினார்கள்? அவர் மூன்று பேரைச் சரியாகச் சொன்னார். சின்னு பேசியதில் டார்ச் மட்டும்தான் கேட்டதாம், முயல் கேட்கவில்லை. அந்த வரியில் "முயல்" வாக்கியத்தின் கடைசியில், குரல் இறங்கும் இடத்தில் இருந்தது. "முயல் காட்டுவீங்களே அம்மாச்சி, / சுவத்துல முயல்" என்று முன்னால் கொண்டுவந்து இரண்டு தடவை சொல்லவைத்ததும் கேட்டது.

கேட்கவைப்பது

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே கோப்பை அம்மாவின் போனுக்கு அனுப்பி, திறந்து பார்க்கச் சொல்லிவிட்டோம். பாட்டியின் போனில் நேராகப் போட வேண்டாம் என்று நினைத்தது நல்லதாயிற்று. வாட்ஸ்அப் குரல் பதிவு ஓடும்போது போனைக் காதருகே கொண்டுபோனால் ஒலி ஸ்பீக்கரிலிருந்து காதுப்பக்கச் சின்ன ஒலிவாய்க்கு மாறிவிடும். சரியாகக் கேட்கவில்லை என்றால் பாட்டி முதலில் செய்வதே போனைக் காதில் வைப்பதுதான். வேகம் 1.5 அல்லது 2 என்று மாறியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனி வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறவர்கள் ஒருமுறை மட்டும் கேட்கும் அமைப்பைத் தவறிப்போய்த் தட்டிவிட வேண்டாம், அப்புறம் பாட்டி திரும்பக் கேட்க முடியாது.

அம்மாவிடம் கேட்டுக்கொண்டது மூன்று: டிவியை அணைப்பது, போனை மேசைமேல் பாட்டியின் நல்ல காதுப்பக்கம் வைப்பது, பதிவு ஓடும்போது இன்னொரு போனில் பாட்டியைப் பதிவு செய்வது. மூன்றாவதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிச் சந்தோஷம் போயிருக்கும்.

அந்தப் பதிவு இப்போது எங்கள் நாலு பேரிடமும் இருக்கிறது. கடிகாரம் ஓடுதா என்றதும், "ஓடுது, பத்து நிமிஷம் லேட்டா ஓடுது" என்கிறார். எத்தனை பல் என்று குட்டி கேட்ட இடத்தில் 4 விநாடி போதவில்லை. பாட்டி எண்ணிக்கொண்டே இருக்க, குட்டி தன் பல் டப்பாவுக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அங்கே 6 வைக்க வேண்டும். பச்சைப் பட்டன் என்னிடம் இருக்கிறது என்று நான் சொல்லி முடித்ததும் பாட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அதானே பார்த்தேன், அது அந்த நீல ரவிக்கையோடது. இத்தனை வருஷமா ஊக்கு குத்திக்கிட்டு இருக்கேன், கொண்டு வந்து குடுக்கச் சொல்லு" என்கிறார்.